ஒரே வாசலை நம்பிய காலம்: தோட்டத் துண்டாடல் கற்றுத்தந்த பாடம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் எப்படி விடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இருட்டிலேயே பிரட்டுக்குப் போவோம். பெயர் வாசித்ததும் வெட்டுக்காட்டுக்குப் போவோம். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவோம். அந்த வீடும் தோட்டத்தின் வீடுதான். பிள்ளையை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகையும், மூத்த பிள்ளை படித்த தமிழ்ப் பள்ளியும், மருந்து கொடுத்த டிரஸ்ஸரும், மாதக் கடன் கொடுத்த கடையும் தோட்டத்தைச் சேர்ந்தவையே. சம்பளம், கூரை, தண்ணீர், பள்ளி, மருந்து, கடன் ஆகிய ஆறும் ஒரே வாசல் வழியாக வந்தன. அந்த வாசல் மூடினால் ஆறும் ஒரே நாளில் நின்றுவிடும். இன்றைய உரையில் அப்படி நின்றுபோன ஒரு காலத்தைப் பார்ப்போம். அப்போது நம் மக்கள் எதைச் செய்து தாக்குப்பிடித்தார்கள், எது போதாமல் போனது என்பதையும் பார்ப்போம்.

முதல் எச்சரிக்கை 1930ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. உலகமெங்கும் வாணிகம் சரிந்தபோது ரப்பரை வாங்க ஆளில்லை. 1932இல் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 10 காசுக்கும் கீழே போயிற்று. முக்கியப் பகுதிகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்றிருந்த கூலி, படிப்படியாக 28 காசும் 24 காசுமாகக் குறைந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டுத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934இல் விலை தேறியதும் மறுபடியும் ஆள் வேண்டும் என்றார்கள். மரம் அப்படியே நின்றது. மனிதர்தாம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். விலை ஏறினால் வேலை, இறங்கினால் கப்பல் என்பதே அந்தக் காலத்தின் கணக்கு.

இரண்டாவது அடி வேறு விதமானது. அதைத்தான் நாம் ‘தோட்டத் துண்டாடல்’ என்கிறோம். 1950ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது நம்மை ஆட்டிப் படைத்தது. அதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது ரப்பர் விலை படுத்துவிடவில்லை. கொரியப் போர்க் காலத்தில் விலை உச்சத்துக்கே போயிற்று. விலை நன்றாக இருந்தபோதுதான் நம் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தோட்டங்கள் பலவும் இங்கிலாந்துக் கம்பெனிகளுக்குச் சொந்தமாக இருந்தன. நாடு விடுதலையை நோக்கிச் சென்றது. அதன் பிறகு என்ன ஆகுமோ என்ற அச்சம் சில முதலாளிகளுக்கு இருந்தது. பல தோட்டங்களில் மரங்களும் கிழடாகிவிட்டன. அவற்றை வெட்டி மறுநடவு செய்தால் புதிய மரம் பால் கொடுக்க ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதைவிட நல்ல விலை வரும்போதே விற்றுவிட்டு ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்தார்கள்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் சில பேர் கூட்டுச் சேர்ந்த வியாபாரிகள். 2,000 ஏக்கர் தோட்டத்தை மொத்தமாக நடத்த அவர்களுக்கு விருப்பமில்லை. முன்பணம் கட்டிவிட்டு, நில அளவையாளரைக் கொண்டு தோட்டத்தைச் சிறு சிறு துண்டாகக் காகிதத்தில் பிரிப்பார்கள். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று ஆளாளுக்கு விற்பார்கள். மொத்தமாக வாங்கும்போது ஏக்கருக்குக் கொடுத்த விலையைவிடத் துண்டாக விற்கும்போது கிடைக்கும் விலை அதிகம். இலாபம் அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது, பாலில் இல்லை.

துண்டை வாங்கியவர் தாமே பால் வெட்டுவார். இல்லையேல் குத்தகைக்காரரிடம் விடுவார். குத்தகைக்காரர் தமக்கு வேண்டிய ஆளைக் குறைந்த கூலிக்குக் கொண்டு வருவார். 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் பெரிய முதலாளிகளோடு பேசிப் பெற்ற கூலி ஒப்பந்தம் அந்தச் சிறு துண்டுகளில் செல்லவில்லை. ஒரே முதலாளியின் இடத்தில் இருநூறு முதலாளிகள் வந்துவிட்டால் சங்கம் யாரிடம் போய்ப் பேசும்? லயன் வீடுகள் யாரோ ஒருவருடைய துண்டுக்குள் அகப்பட்டுக்கொண்டன. தண்ணீர்க் குழாயைப் பார்க்க ஆளில்லை. ஆயாக் கொட்டகை மூடிற்று. பிள்ளைகள் குறைந்ததால் பள்ளியும் தள்ளாடியது. நிலைமை எவ்வளவு மோசமாயிற்று என்றால், அரசாங்கமே மலாயாப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் அறிஞர் உங்கு அசீசைக் கொண்டு 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராயச் சொன்னது.

அப்படி விற்பனை வருவதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியுமா? பெரியவர்கள் சில அறிகுறிகளைச் சொல்வார்கள். மறுநடவு திடீரென்று நின்றுவிடும். பட்டையைக் காப்பாற்றும் எண்ணமே இல்லாமல், இருக்கும் பாலையெல்லாம் கறந்துவிடும்படி மரத்தைக் கண்டபடி வெட்டச் சொல்வார்கள். லயத்துக் கூரை ஒழுகினால் மாற்ற மாட்டார்கள். வேலைக்கு நேரடியாக ஆள் எடுக்காமல் குத்தகைக்காரரை நுழைப்பார்கள். அறிமுகமில்லாத ஆட்கள் அளவைச் சங்கிலியோடு காட்டுக்குள் வருவார்கள். இவற்றில் ஒன்று நடந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து நடந்தால், வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார் என்று பொருள்.

இந்த நேரத்தில்தான் ஒரு புதிய யோசனை பிறந்தது. அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டத்தைத் துண்டாக்குபவர் வாங்கும் முன்பு தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று அவர் கேட்டார். 1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் மக்களோடு பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி. அதைத் தவணையாகக் கட்டலாம். கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அதன் பிறகு பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. அங்கெல்லாம் துண்டாடல் நின்றது. லயத்தில் இருந்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

100 வெள்ளி என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய தொகை என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக ஒருவரின் நாள் கூலி 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள் வேலை கிடைத்தால் 78 வெள்ளி. கணவனும் மனைவியும் பால் வெட்டினால் 156 வெள்ளி. அதில் கடைக் கடன், பிள்ளைகளின் துணிமணி, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக, மாதம் 10 வெள்ளி ஒதுக்கினால் ஒரு பங்குக்குப் பத்து மாதம். மழைக் காலத்தில் மரம் நனைந்து வேலை இல்லாத நாட்களும் உண்டு. ஆகவே ஒரு பங்கு என்பது ஏறக்குறைய ஓராண்டின் கட்டுப்பாடு. அப்படிக் கட்டுப்பாடாக இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால்தான் தோட்டம் வாங்க முடிந்தது.

ஆனால் இந்தப் பங்கு எதைக் காப்பாற்றியது, எதைக் காப்பாற்றவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். சங்கம் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியாது. தம் தோட்டம் வாங்கப்படாத உறுப்பினருக்குப் பங்குப் பணம் பத்திரமாக இருந்தது. ஆனால் வேலையும் வீடும் போய்விட்டன. இன்னொன்று, சங்கத்தின் தோட்டத்திலும் அதே மரம், அதே சந்தை விலைதான். முதலாளி மாறினார், பயிரின் ஆபத்து மாறவில்லை.

அந்த ஆபத்து அடுத்த வடிவத்தில் விரைவிலேயே வந்தது. ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். ரப்பர் மரத்தை ஏறக்குறைய ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்ட வேண்டும். செம்பனைக் குலையை ஒரு காட்டில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை அறுத்தால் போதும். அதே பரப்புக்குக் குறைந்த ஆட்களே தேவைப்பட்டார்கள். பால்வெட்டில் பெண்ணின் கை ஆணின் கைக்குச் சமம். செம்பனையிலோ நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலை அறுப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலையாயிற்று. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும்தான் மிஞ்சின. ஒரே வீட்டின் இரண்டு சம்பளத்தில் ஒன்று மெலிந்துவிட்டது. பிறகு 1980ஆம், 1990ஆம் ஆண்டுகளில் நகரங்களுக்கு அருகிலிருந்த தோட்டங்கள் வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறின. இன்றைய புத்ராஜெயா நிற்கும் இடத்தில் தோட்டங்கள்தாம் இருந்தன.

இந்த வரலாற்றை முழுதும் பார்த்தால் தாக்குப்பிடித்த குடும்பங்களிடம் ஒரு பொதுவான செயல் தெரிகிறது. தோட்ட வேலையை அவர்கள் உடனே விட்டுவிடவில்லை. வேலை இருக்கும்போதே, அந்த ஒரே வாசல் வழியாக வந்தவற்றை ஒவ்வொன்றாக வேறு வாசலுக்கு மாற்றிக்கொண்டார்கள். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது காகிதம். 1968இல் குடிமக்கள் அல்லாதார்க்கு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 முதல் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. குடியுரிமை பெறத் தகுதி இருந்தும் மனுச் செய்யாமல் விட்டவர்கள் நம்மிடையே ஏராளம். முப்பது வருடம் ஒரே தோட்டத்தில் இருந்தவருக்குத் தோட்டத்து ஆபீசுக்கு வெளியே தம்மை நிரூபிக்க ஒரு தாள் கூட இல்லை. பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமநிதி எண், வேலையில் சேர்ந்த தேதி தெரியும் சம்பளச் சீட்டு ஆகியவை கிராணியின் மேசையில் இருந்தால் போதாது. நம் வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது அன்று கண்ணீரோடு கற்ற பாடம்.

இரண்டாவது, வெளியிலும் செல்லுபடியாகும் கைத்தொழில். ஒரே தோட்டத்தில் இரண்டு பேர் இருபது ஆண்டு உழைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வெளிக்காட்டில் ஆள் மேய்த்தார். அவருக்கு ஒவ்வொரு நிரையும் அத்துப்படி. ஆனால் அந்த அறிவுக்கு அடுத்த ஊரில் விலை இல்லை. மற்றொருவர் செம்பனை ஆலையில் கொதிகலன் அருகே வேலை செய்தார். அவர் அரசாங்கத் தேர்வு எழுதி நீராவி இயந்திர ஓட்டுநர் சான்றிதழ் வாங்கிவிட்டால், கையுறைத் தொழிற்சாலையானாலும் உணவுத் தொழிற்சாலையானாலும், கொதிகலன் உள்ள எங்கேயும் அவர் தேவைப்படுவார். கொதிகலனைச் சான்றிதழ் இல்லாதவரிடம் விடக்கூடாது என்பது சட்டம். இருவருக்கும் தோட்டத்தில் கிடைத்த சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லாதிருக்கலாம். ஆலை மூடிய மறுநாள்தான் வேறுபாடு தெரியும். அனுபவத்தை மட்டுமே வைத்திருக்கும் டிராக்டர் ஓட்டுநர், வயர்மேன், ஒட்டு வேலைக்காரர் போன்றவர்களும், பழைய அனுபவத்தைக் கணக்கில் கொண்டு வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழுக்குத் திறன் மேம்பாட்டுத் துறையில் மனுச் செய்யலாம். செய்த வேலைக்கு அத்தாட்சி வேண்டும். அதைக் கொடுக்கும் மேலாளர் தோட்டத்தில் இருக்கும்போதே கேட்டு வாங்குவதுதான் எளிது.

மூன்றாவது கூரை. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும் வரை, வேலையை இழப்பவர் அதே மாதத்தில் வீட்டையும் தேட வேண்டும். அந்த அவசரத்தில் கிடைக்கும் முதல் வேலையை, எவ்வளவு கூலிக்கும், ஒப்புக்கொள்வார். கம்பத்து ஓரத்தில் சிறு வீடு வாங்கிவிட்டுத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தவரை அப்போது ஊரார் கேலி செய்தார்கள். இலவச லயம் இருக்க எதற்குக் கடன் என்றார்கள். தோட்டம் விற்கப்பட்ட நாளில் நிதானமாக இருந்தவர் அவர்தான். ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென்று எடுக்க அனுமதிக்கும் பங்கு இன்றும் உண்டு. அது 2024ஆம் ஆண்டு முதல் ‘செஜாத்திரா’ என்னும் கணக்கில் இருக்கிறது.

இனி இன்றைய நிலையில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முழுதாகப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் ஒரு தோட்டம் விற்கப்படுகிறது. கணவர் 12 ஆண்டுகள் வேலை செய்தவர். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம் முன்னறிவிப்பு தர வேண்டும். 1980ஆம் ஆண்டின் பணிநீக்க உதவித்தொகை விதிகளின்படி, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் என்றால் 10 நாள். நம் தொழிலாளிக்கு 12 ஆண்டு, ஆண்டுக்கு 20 நாள், ஆக 240 நாள். கடைசி 12 மாதச் சம்பளம் 20,400 வெள்ளி. அதை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 55 வெள்ளி 90 காசு. 240 நாளுக்குச் சுமார் 13,400 வெள்ளி. வேலை முடிந்த 7 நாளுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தோட்டத்தின் புதிய முதலாளி, உரிமை மாறிய 7 நாளுக்குள், பழைய நிலைக்குக் குறையாத நிபந்தனையில் வேலை தருவதாகச் சொல்லி, நாம் தகுந்த காரணமின்றி மறுத்தால் அந்தத் தொகை கிடைக்காது. ஒப்புக்கொண்டால் பழைய 12 ஆண்டுகளும் தொடர்ந்து கணக்கில் வரும். ஆகவே வாய்மொழியாக எதையும் முடிக்கக் கூடாது. புதிய நிபந்தனை என்ன, பழைய ஆண்டுகள் சேருமா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். வெறும் தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் சங்கக் கிளைக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ அன்றே போக வேண்டும். வேலை போய்விட்டால், 2018 முதல் நடைமுறையில் உள்ள வேலை காப்புறுதித் திட்டத்தின் கீழ் சொக்சோவில் 60 நாளுக்குள் மனுச் செய்யலாம். முதல் மாதம் 80 விழுக்காடு வரையிலும், பிறகு குறைந்துகொண்டே போய் அதிக அளவாக ஆறு மாதம் வரையிலும் உதவி கிடைக்கும்.

13,400 வெள்ளி என்பது கேட்க நல்ல தொகைதான். ஆனால் அது ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளம். லயத்தைக் காலி செய்து வெளியில் மாதம் 600 வெள்ளி வாடகைக்குப் போனால், அதுவரை இல்லாத ஒரு புதிய செலவு அந்தப் பணத்தைத் தின்னத் தொடங்கும். முன்பணம், மின்சாரம், பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம் எல்லாம் சேரும். அதே தொகை, சொந்தக் கூரையும் ஒரு சான்றிதழும் உள்ள குடும்பத்தின் கையில் வந்தால் நல்ல வேலை தேட அவகாசமாகிறது. இரண்டும் இல்லாத குடும்பத்தில் அது வாடகையாகக் கரைந்துவிடுகிறது.

ஆகவே தோட்டத்து நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இந்த வாரம் ஒரு நாள் மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக்கு என்னென்ன அந்த ஒரே வாசல் வழியாக வருகின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலை, வீடு, தண்ணீர், கடன், பள்ளி, பத்திரங்கள் என்று வரிசையாக எழுதுங்கள். அவற்றில் எதை முதலில் வேறு வாசலுக்கு மாற்ற முடியும் என்று குடும்பத்தோடு பேசுங்கள். பெரும்பாலும் செலவில்லாமல் செய்யக்கூடியது பத்திரங்களை வீட்டுக்குக் கொண்டுவருவது. அதற்கடுத்தது பிள்ளைகளில் ஒருவருக்கோ உங்களுக்கோ ஒரு சான்றிதழ். கூரைக்குக் காலம் அதிகம் ஆகும். அதனாலேயே அதை முன்னதாகத் தொடங்க வேண்டும்.

1960ஆம் ஆண்டில் நம் தாத்தா பாட்டிமார் மாதம் சில வெள்ளியை ஒதுக்கிப் பங்கு வாங்கினார்கள். தோட்டம் விற்கப்படுகிறது என்ற செய்தி வந்த பிறகு ஒதுக்கத் தொடங்கியவர்களால் அது முடியவில்லை. விலை நன்றாக இருந்த மாதங்களில் ஒதுக்கியவர்களால்தான் முடிந்தது.